மூன்று அணிக்கும் பத்துப் புள்ளி. மஞ்சள் ஏன் மூன்றாவது?

கேள்வி: அண்ணா, நான் இப்போதுதான் கால்பந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். என் அக்கா மகன் வியாசர்பாடியில் ஆறு அணிகள் ஆடும் ஒரு லீக்கில் மஞ்சள் ஜெர்சி அணிக்கு ஆடுகிறான். மைதானத்தில் கட்டியிருந்த புள்ளிப் பட்டியல் ஃப்ளெக்ஸையும், பக்கத்தில் ஒட்டியிருந்த ஆட்ட முடிவுத் தாளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். முதல் மூன்று அணிகளுக்கும் 10 புள்ளி. கோல் வித்தியாசத்தில் இவர்கள்தான் மேலே இருக்கிறார்கள், ஆனால் மூன்றாவது இடம் என்று போட்டிருக்கிறது. முதல் இரண்டு அணிகளுக்குத்தான் இறுதிப் போட்டியாம். கணக்கில் தவறா? கடைசியில் இருக்கும் பத்திகளுக்கு என்ன பொருள்?

பதில்: கணக்கில் தவறு இல்லை. புள்ளி சமமானால் இந்த லீக்கில் முதலில் பார்ப்பது மொத்தக் கோல் வித்தியாசத்தை அல்ல. சமமாக நிற்கும் அணிகள் தங்களுக்குள் மோதிய ஆட்டங்களை மட்டும்தான். உங்கள் படத்தின் கடைசி மூன்று பத்திகளில் முதல் இரண்டும் அந்தக் கணக்குதான். மஞ்சள் அணி அங்கேதான் இடம் இழந்திருக்கிறது.

படத்தில் இருப்பதைப் படித்து, ஆங்கிலத் தலைப்பு எழுத்துகளைத் தமிழாக்கிக் கீழே தந்திருக்கிறேன். அணிகளின் பெயருக்குப் பதில் ஜெர்சி நிறம். கடைசி மூன்று பத்திகளை இதில் சேர்க்கவில்லை, பிறகு பார்ப்போம்.

| அணி | ஆட்டம் | வெற்றி | டிரா | தோல்வி | அடித்தது | வாங்கியது | வித்தியாசம் | புள்ளி |
|---|---|---|---|---|---|---|---|---|
| சிவப்பு | 5 | 3 | 1 | 1 | 7 | 3 | +4 | 10 |
| நீலம் | 5 | 3 | 1 | 1 | 9 | 6 | +3 | 10 |
| மஞ்சள் | 5 | 3 | 1 | 1 | 10 | 3 | +7 | 10 |
| பச்சை | 5 | 1 | 2 | 2 | 5 | 7 | −2 | 5 |
| வெள்ளை | 5 | 1 | 2 | 2 | 4 | 5 | −1 | 5 |
| கறுப்பு | 5 | 0 | 1 | 4 | 4 | ? | ? | 1 |

வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1, தோல்விக்கு ஒன்றும் இல்லை. முன்பு வெற்றிக்கு 2 புள்ளிதான் தருவார்கள். 1981-ல் இங்கிலாந்து லீக் 3 ஆக்கியது; உலகக் கோப்பையில் 1994 முதல் அந்த முறை வந்தது. அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வித்தியாசம். கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் செய்கிற வேலையை இங்கே இந்தப் பத்தி செய்கிறது. அதைவிட எளிது, வகுத்தல் கிடையாது.

கறுப்பு அணியின் வரிசையில் கேள்விக்குறி போட்ட இரண்டு கட்டங்களும் உங்கள் படத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டு வெளுத்துப் போயிருக்கின்றன. ஃப்ளெக்ஸைப் படம் எடுத்தால் இது எப்போதும் நடக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். ஆனால் இதற்காக மறுபடி மைதானத்துக்குப் போக வேண்டாம். ஓர் அணி அடித்த ஒவ்வொரு கோலும் இன்னோர் அணி வாங்கிய கோல். ஆகவே லீக் முழுவதையும் கூட்டினால் வித்தியாசப் பத்தி பூஜ்யமாகத்தான் வர வேண்டும். மற்ற ஐந்து அணிகளுக்கும் கூட்டிப் பாருங்கள்: 4, 3, 7 சேர்ந்து 14, அதில் 2-உம் 1-உம் கழித்தால் 11. எனவே கறுப்பின் வித்தியாசம் −11. அவர்கள் அடித்தது 4 என்றால் வாங்கியது 15. முடிவுத் தாளோடு ஒத்துப் பார்த்தேன், 15-தான்.

இதே வழியில் பட்டியல் போட்டவர்களின் தவறையும் பிடிக்கலாம். வித்தியாசம் பூஜ்யத்துக்கு வராவிட்டால் எங்கோ ஒரு ஆட்டத்தை ஒரு அணிக்கு ஏற்றிவிட்டு எதிரணிக்கு ஏற்ற மறந்திருக்கிறார்கள் என்று பொருள். வெற்றிகளின் கூட்டுத்தொகையும் தோல்விகளின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். இங்கே இரண்டும் 11. டிராவின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாக வர வேண்டும். இங்கே 8, அதாவது நான்கு ஆட்டங்கள். 11-உம் 4-உம் சேர்ந்தால் 15 ஆட்டம். ஆறு அணிகள் ஒருவரோடு ஒருவர் ஒரு தடவை மோதினால் வருவதும் 15. கையால் எழுதி ஒட்டும் உள்ளூர் பட்டியல்களில் இவ்வளவு சுத்தமாக எல்லாம் ஒத்துப்போவது அபூர்வம். யாரோ பொறுமையாக உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள்.

இனி கடைசிப் பத்திகள். மூன்று இருக்கின்றன. முதலாவது, சமமாக நிற்கும் அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் எடுத்த புள்ளி. இரண்டாவது, அதே ஆட்டங்களில் மட்டும் கோல் வித்தியாசம். மூன்றாவது, கார்டு கணக்கு. இவற்றைப் புரிந்துகொள்ள உச்சியிலிருந்து தொடங்காமல் நான்காவது, ஐந்தாவது இடங்களைப் பாருங்கள். அங்கே விதி எளிமையாக நிற்கிறது. பச்சைக்கும் வெள்ளைக்கும் தலா 5 புள்ளி. வித்தியாசம் வெள்ளைக்கு −1, பச்சைக்கு −2. வித்தியாசத்தை முதலில் பார்க்கும் லீக்காக இருந்தால் வெள்ளை மேலே இருக்கும். ஆனால் இருவரும் மோதிய ஆட்டத்தில் பச்சை 1-0 என்று வென்றது. ஆகவே பச்சை மேலே. நீங்கள் உச்சியில் மட்டும் பார்த்துச் சந்தேகப்பட்டீர்கள். கீழேயும் அதே விதிதான் நடந்திருக்கிறது. உங்கள் அணிக்கு மட்டும் வேறு கணக்கு யாரும் போடவில்லை.

மூன்று அணிகள் சமமாகும்போது ஒரு ஆட்டத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. மற்ற மூன்று அணிகளோடு ஆடியதையெல்லாம் மறைத்துவிட்டு, சிவப்பு, நீலம், மஞ்சள் மட்டுமே உள்ள ஒரு குட்டிப் பட்டியல் போட வேண்டும். முடிவுத் தாளில் இவர்களுக்குள் நடந்தவை மூன்று ஆட்டங்கள். மஞ்சள் சிவப்பை 1-0 என்று வென்றது. சிவப்பு நீலத்தை 3-1 என்று வென்றது. நீலம் மஞ்சளை 2-0 என்று வென்றது. மூவரும் வட்டமாக ஒருவரை ஒருவர் வீழ்த்தியிருக்கிறார்கள். எனவே குட்டிப் பட்டியலில் மூவருக்கும் 3 புள்ளி. முதல் பத்தி யாரையும் பிரிக்கவில்லை. அடுத்த பத்திக்குப் போக வேண்டும். அங்கே சிவப்பு அடித்தது 3, வாங்கியது 2, வித்தியாசம் +1. நீலம் அடித்தது 3, வாங்கியது 3, வித்தியாசம் பூஜ்யம். மஞ்சள் அடித்தது 1, வாங்கியது 2, வித்தியாசம் −1. வரிசை கிடைத்துவிட்டது: சிவப்பு, நீலம், மஞ்சள். ஃப்ளெக்ஸில் சிவப்புக்கு நேராக +1 என்றும் மஞ்சளுக்கு நேராக −1 என்றும் எழுதியிருப்பது இதைத்தான். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைப் பெரிய வித்தியாசப் பத்தியோடு குழப்பிக்கொண்டு, “ஒரே அணிக்கு +7 என்றும் −1 என்றும் எப்படிப் போடலாம்?” என்று கேட்பார்கள். இரண்டும் சரி. ஒன்று ஐந்து ஆட்டங்களின் கணக்கு, மற்றது இரண்டு ஆட்டங்களின் கணக்கு.

அந்த +7 எங்கிருந்து வந்தது என்று தாளைப் பாருங்கள். மஞ்சள் கறுப்பை 7-0 என்று அடித்திருக்கிறது. மற்ற நான்கு ஆட்டங்களையும் சேர்த்தால் அவர்கள் அடித்தது 3, வாங்கியது 3. அதாவது உங்கள் அக்கா மகனின் அணியுடைய வித்தியாசம் முழுவதும் ஒரே மாலையில் வந்தது. உள்ளூர் லீக்குகள் வித்தியாசத்தை நம்பாமல் நேரடி மோதலுக்குப் போவதற்குக் காரணம் இப்படிப்பட்ட ஆட்டங்களே. கால்பந்து விதிப்படி ஓர் அணியில் ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். வடசென்னையில் துறைமுகத்திலும் பட்டறைகளிலும் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு வந்து ஆடும் பையன்கள் நிறைய. கீழே கிடக்கும் ஓர் அணி, இனி வாய்ப்பு இல்லை என்று தெரிந்த பிறகு, எட்டு ஒன்பது பேரோடு வந்து நிற்பது சாதாரணம். அந்த அணி முழுபலத்தில் இருந்தபோது அதோடு ஆடிய சிவப்புக்கு 1-0 வெற்றி, பாதிபலத்தில் இருந்தபோது ஆடியவர்களுக்கு 7-0 வெற்றி என்றால், அந்த ஆறு கோல் இடைவெளியைத் திறமையின் அளவாக எடுத்துக்கொள்வது கடினம். உங்கள் லீக்கில் அன்று அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. விதியை எழுதுகிறவர்கள் எதை நினைத்து எழுதுகிறார்கள் என்று சொல்கிறேன். வாக்ஓவரும் உண்டு: வராத அணிக்கு எதிராக வழக்கமாக 3-0 என்று பதிவார்கள். அதுவும் ஆடாமலே கிடைக்கும் +3.

இந்த விதியில் ஒரு கோலின் விலை எங்கே இருக்கிறது என்பது பலருக்குப் புரிவதில்லை. உங்கள் அக்கா மகனுக்கும் இதைக் காட்டுங்கள். கறுப்பை 7-0-க்குப் பதில் 17-0 என்று அடித்திருந்தாலும் மஞ்சள் மூன்றாவது இடத்தில்தான் இருந்திருக்கும். அந்த ஆட்டம் குட்டிப் பட்டியலுக்குள் வரவே இல்லை. சரி, சிவப்போடு ஆடிய ஆட்டத்தில் 1-0-க்குப் பதில் 2-0 என்று வென்றிருந்தால்? அப்போது மூவருக்கும் குட்டி வித்தியாசம் பூஜ்யம். அடுத்து குட்டிப் பட்டியலில் யார் அதிகக் கோல் அடித்தார்கள் என்று பார்ப்பார்கள். சிவப்பு 3, நீலம் 3, மஞ்சள் 2. மஞ்சள் அப்போதும் மூன்றாவதுதான். அதே ஆட்டத்தை 3-0 என்று முடித்திருந்தால் கதையே மாறும்: மஞ்சளுக்கு +1, நீலத்துக்குப் பூஜ்யம், சிவப்புக்கு −1. மஞ்சள் முதலிடம், சிவப்பு வெளியே. ஒரு கோலால் நகராத இடம் இரண்டு கோலால் மூன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியிருக்கும். பலமான அணியோடு 1-0 என்று முன்னிலை எடுத்தவுடன் எல்லாரும் பின்னால் போய் நின்று காப்பாற்றுவது நம் பையன்களின் பழக்கம். இந்த லீக்கில் அதற்கு விலை உண்டு.

அந்த 2-0 கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். மஞ்சள் மூன்றாவது என்று பிரிந்த பிறகு, சிவப்பும் நீலமும் கோல் எண்ணிக்கையிலும் சமமாகவே நிற்கின்றன. அந்த நிலையில் பெரும்பாலான விதிகள் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லும்: மீதமுள்ள இரண்டு அணிகளின் நேரடி ஆட்டத்தை மட்டும் பார். சிவப்பு 3-1 என்று வென்றது, ஆகவே சிவப்பு முதல். மூன்று பேர் கணக்கு முடிந்ததும் இரண்டு பேர் கணக்கு புதிதாகத் தொடங்கும் இந்த இடத்தில்தான் பட்டியல் போடுகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். நேராக மொத்த வித்தியாசத்துக்குத் தாவிவிடுவார்கள்.

டிவியில் வேறு லீக்குகளைப் பார்க்கும்போது இதே விதியை எதிர்பார்க்காதீர்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் புள்ளிக்கு அடுத்தது மொத்த வித்தியாசம். 2011-12-ல் மான்செஸ்டர் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் 89 புள்ளியில் முடித்தன. சிட்டிக்கு +64, யுனைடெட்டுக்கு +56, கோப்பை சிட்டிக்குப் போனது. ஸ்பெயினின் லா லிகாவில் நேரடி மோதல் முதலில். 2006-07-ல் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் 76 புள்ளியில் முடித்தன. பார்சிலோனாவின் வித்தியாசம் +45, ரியலுக்கு +26 மட்டுமே. ஆனாலும் பட்டம் ரியலுக்கு; பார்சிலோனாவோடு ஆடிய இரண்டு ஆட்டங்களில் ஒன்றை 2-0 என்று வென்று, மற்றதை 3-3 என்று டிரா செய்திருந்தது. உங்கள் மஞ்சள் அணியின் நிலையில் அன்று பார்சிலோனா நின்றது. நம் ஐ.எஸ்.எல். தொடரும் 2020-21-ல் நேரடி மோதலைத்தான் முதலில் பார்த்தது. அந்தப் பருவத்தில் மும்பை சிட்டியும் ஏ.டி.கே. மோகன் பகானும் 40 புள்ளியில் சமமாக நின்றபோது, இரண்டு நேரடி ஆட்டங்களையும் வென்றிருந்த மும்பை லீக் கேடயத்தை எடுத்துக்கொண்டது.

பாதிப் பருவத்தில் எடுத்த படத்தைப் பார்த்தால் இன்னொரு குழப்பம் வரும். சமமாக நிற்கும் அணிகள் இன்னும் தங்களுக்குள் ஆடி முடிக்கவில்லை என்றால் நேரடி மோதலைக் கணக்கிட முடியாது. அதுவரை மொத்த வித்தியாசத்தை வைத்துத் தற்காலிகமாக அடுக்குவார்கள். அதனால் ஒரு வாரம் மேலே இருந்த அணி அடுத்த வாரம் தோற்காமலே கீழே இறங்கலாம். பட்டியல் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது புள்ளியை அல்ல, ஆட்டம் என்ற பத்தியை. உங்கள் படத்தில் எல்லாருக்கும் 5, ஆகவே இது முடிந்த பட்டியல்.

கார்டு பத்தியை இந்த முறை யாரும் தொடவே இல்லை. மற்ற எல்லாம் சமமானால் மட்டும் குறைவான கார்டு வாங்கிய அணி மேலே போகும். 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் புள்ளி, வித்தியாசம், அடித்த கோல், நேரடி மோதல் எல்லாவற்றிலும் சமமாக இருந்து, 4 மஞ்சள் கார்டு வாங்கிய ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. 6 வாங்கிய செனகல் வீடு திரும்பியது. அதற்கும் அப்பால் சீட்டுக் குலுக்கல்தான்.

நேரடி மோதல் விதியே நியாயமானது என்று நான் வாதாட வரவில்லை. உள்ளூர் லீக்குக்கு அதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன், ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது, அது உங்கள் படத்திலேயே தெரிகிறது. நீலம் வெள்ளையை 2-1 என்று வென்ற ஆட்டத்தைப் பாருங்கள். அதில் மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. அது 1-1 என்று முடிந்திருந்தால் நீலத்துக்கு 8 புள்ளி. மூன்றாவது இடத்துக்குப் போயிருக்கும். 10 புள்ளியில் சிவப்பும் மஞ்சளும் மட்டும் மிஞ்சும். அவர்கள் மோதியதில் வென்றது மஞ்சள், எனவே மஞ்சள் முதலிடம்! மஞ்சள் அணி தன் ஐந்து ஆட்டங்களையும் அச்சு மாறாமல் அப்படியே ஆடியிருந்தும், வேறு இருவர் ஆட்டத்தில் விழுந்த ஒரு கோலால் முதலிடத்திலிருந்து மூன்றாவதுக்குப் போயிருக்கிறது. மொத்த வித்தியாச முறையில், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையிலான வரிசை இப்படி மூன்றாவது அணி ஒன்றின் ஆட்டத்தால் தலைகீழாவது இல்லை.

அணி நிர்வாகத்தில் யாராவது ஆட்சேபம் எழுப்ப நினைத்தால் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. லீக்கில் சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதித்தாளை எடுத்துப் பாருங்கள். “சம்பந்தப்பட்ட அணிகளுக்கு இடையிலான எல்லா ஆட்டங்களிலும் புள்ளி, பிறகு கோல் வித்தியாசம்” என்று எழுதியிருந்தால் பேச ஒன்றும் இல்லை. சில தாள்களில் “புள்ளி சமமானால், இரு அணிகளும் மோதிய ஆட்டத்தில் வென்றவர் மேலே; இல்லையேல் மொத்தக் கோல் வித்தியாசம்” என்று மட்டும் இருக்கும். எழுதியவர் மூன்று பேர் சமமாவதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். அப்படி இருந்தால் வட்டமாக வென்ற மூவரை அந்த வரியால் பிரிக்க முடியாது, அடுத்த வரியான மொத்த வித்தியாசத்துக்குப் போக வேண்டும், மஞ்சள் +7-உடன் முதலிடம் என்று வாதிடலாம். ஃப்ளெக்ஸில் குட்டி வித்தியாசத்துக்குத் தனிப் பத்தியே அச்சிட்டிருப்பதால் உங்கள் லீக்கின் தாளில் முதல் வகை வாசகம் இருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் இறுதிப் போட்டிக்கு முன்பே பாருங்கள். அது ஆடி முடிந்த பிறகு கொடுக்கும் ஆட்சேபத்தை யாரும் கையில் வாங்க மாட்டார்கள்.